கையில் 64 மூட்டை சிமெண்ட், மேஸ்திரி சொல்லும் செலவு 45: மீதி 19 என்று நம்பி சித்தப்பாவுக்குத் தரலாமா?

பாலக்கோடு வீடு (அக்டோபர் 5, காலை 9:10)

வணக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் 950 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டுகிறோம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். கட்டடத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

உள்பூச்சும் சீலிங் பூச்சும் முடிந்துவிட்டன. வெளிப்பூச்சில் கிழக்குப் பக்கம் மட்டும் போன வாரம் முடிந்தது. நேற்று போர்ட்டிகோவில் அடுக்கி வைத்த மூட்டைகளை எண்ணினேன், 64 இருக்கிறது. இனி உள்ள வேலைக்கு 45 போதும் என்கிறார் மேஸ்திரி. அப்படியானால் 19 மிஞ்சும். மொரப்பூரில் இருக்கும் சித்தப்பா கிணற்றடியில் ஒரு தொட்டி கட்டப் போகிறார். "15 மூட்டை கொடும்மா, காசு கொடுத்துடறேன்" என்று கேட்கிறார். எனக்கும் கொடுக்க ஆசைதான். ஆனால் கொடுத்துவிட்டு, கடைசியில் டைல்ஸ் போடும்போது நாலு மூட்டைக்கு நான் டவுனுக்கு ஓடக் கூடாது. இந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

கொத்தனார் மகன் (காலை 9:42)

சுலபமான கணக்குங்க அக்கா. ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடி, பூச்சுக்கு ஒரு மூட்டை. அப்பா முப்பது வருஷமா இந்தக் கணக்கில்தான் வேலை செய்கிறார், தப்பியது இல்லை. மீதி எத்தனை சதுரம் பூசணுமோ அத்தனை மூட்டை, டைல்ஸுக்குச் சதுரத்துக்கு ரெண்டு. அவ்வளவுதான். மேஸ்திரி 45 சொன்னா அதில் ரெண்டு மூணு அவர் கையிருப்பாக வைத்துத்தான் சொல்லியிருப்பார். தாராளமா கொடுங்க.

ஊத்தங்கரை ராசா (காலை 10:15)

மிச்ச சிமெண்டை வீட்டில் வைக்காதீங்க, என் அனுபவத்தைச் சொல்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி காம்பவுண்டு சுவருக்கு என்று 12 மூட்டையை மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தேன். தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்தேன். ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் அடியில் இருந்த ஆறும் கல்லு. கடப்பாரையால் தட்டினால்தான் உடைந்தது. அடியில் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.

பாலக்கோடு வீடு (காலை 10:31)

ராசா அண்ணா, நன்றி. என் கேள்வி எப்படி வைப்பது என்பது இல்லை, உண்மையில் எத்தனை மிஞ்சும் என்பது. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்ததும் பயமாகிவிட்டது. எங்கள் மூட்டையும் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

மத்தூர் சைட் (பகல் 12:50)

நான் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் இருபது வருஷத்துக்கும் மேலாக சைட் பார்க்கிறேன். 64-லிருந்து 45 கழித்தால் 19 என்பதில் தப்பு இல்லை. அந்த இரண்டு எண்களும் சரியா என்பதுதான் கேள்வி. இப்போதைக்கு 19 மூட்டையும் எழுதிய கணக்குதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செலவு 45-ல் பத்தில் ஒரு பங்கு கூடினாலே நாலரை மூட்டை. 45-க்கு அது பெரிய தப்பு இல்லை, எந்த மேஸ்திரிக்கும் வரும். ஆனால் உங்கள் 19-ல் அது கால் பங்கு. பெரிய எண் இரண்டைக் கழித்துச் சின்ன எண் எடுக்கும்போது, பெரியவற்றில் இருக்கும் தப்பு முழுவதும் சின்னதன் தலையில் விழும். அதனால் மீதியை நேராகக் கணிக்காமல் இருப்பையும் செலவையும் தனித்தனியே பிடிக்க வேண்டும்.

முதலில் இருப்பு. எப்படி எண்ணினீர்கள்? முன்வரிசையை எண்ணி அடுக்குகளால் பெருக்கினீர்களா, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினீர்களா?

அடுத்து செலவு. கொத்தனார் மகன் சொன்ன "சதுரத்துக்கு ஒரு மூட்டை" உள்பூச்சுக்குக் கிட்டத்தட்ட சரிதான். அரை அங்குலத்துக்குச் சற்று மேல் கனத்தில் 1:5 கலவை என்றால் ஏறக்குறைய அதுதான் வரும். வெளிப்பூச்சு அப்படி இல்லை. வெளியில் சுவரின் ஏற்ற இறக்கத்தை நூல் பிடித்துச் சரிசெய்வதால் முக்கால் அங்குலம் வரை போகும், சில இடத்தில் ஒரு அங்குலமே போகும். அங்கே ஒன்றரை மூட்டை வரைக்கும் ஆகும். உங்கள் வீட்டில் எவ்வளவு ஆகிறது என்பதற்கு உங்கள் கிழக்குச் சுவரே சாட்சி. அதற்கு எத்தனை மூட்டை போனது, பரப்பு எவ்வளவு, சொல்லுங்கள்.

கொத்தனார் மகன் (பகல் 1:20)

சார், வெளியில் ரெண்டு கோட் அடிச்சா கூடும்தான், ஒத்துக்கறேன். ஆனால் ஒன்றரை எல்லாம் அதிகம். கலவையைக் கொட்டாமல் பூசும் கொத்தனார் இருந்தால் ஒன்றேகாலில் முடிப்பார்.

மத்தூர் சைட் (பகல் 1:34)

முடிப்பார், சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நின்றால். கொத்தனாரின் கைப்பழக்கத்தைவிட, சுவர் கட்டும்போது எவ்வளவு நேராக எடுத்தார்கள் என்பதே அதை முடிவு செய்கிறது.

பாலக்கோடு வீடு (இரவு 8:05)

சார், நீங்கள் கேட்டபடி இன்று எல்லாம் பார்த்தேன்.

எண்ணியது தப்புதான். ஆறு அடுக்கு, அடுக்குக்கு பத்து, மேலே தனியாக நாலு என்று பெருக்கிவிட்டேன். சித்தாள் அக்காவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினோம். பின்னால் இருக்கும் இரண்டு அடுக்கிலும் ஒன்பதுதான். ஆக 62. சுவரோரம் அடியில் இருந்த மூன்று மூட்டை கையால் அழுத்தினால் அமுங்கவே இல்லை, கல் மாதிரி இருக்கிறது. பிரித்த அரை மூட்டை ஒன்றும் இருக்கிறது, அதைச் சேர்க்கவில்லை. அப்படியானால் 59 தானே?

கிழக்குச் சுவர்: நீளத்தையும் உயரத்தையும் டேப்பில் அளந்தேன், 450 சதுர அடி வருகிறது. பூச்சு தொடங்கும் முன்னால் நோட்டில் 72 என்று எழுதியிருக்கிறேன், முடிந்த பிறகு 64. ஆனால் அந்த எண்களையும் இதே மாதிரி பெருக்கித்தான் எழுதினேன். அதை நம்பலாமா?

மத்தூர் சைட் (இரவு 8:40)

59 என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மூட்டையைக் கணக்கில் சேர்க்காதது நல்லது, அது நாளைக்கே எங்காவது போய்விடும்.

72-க்கும் 64-க்கும் இடையில் போன 8 மூட்டையை நம்பலாம். நீங்கள் தப்பாக எண்ணியது பின்னால் இருந்த அடுக்கை. அதை இன்னும் யாரும் தொடவில்லை. பூச்சுக்கு முன்பும் பிறகும் எழுதிய இரண்டு எண்ணிலும் அதே இரண்டு மூட்டை தப்பு இருப்பதால் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. இருப்பு தப்பு, போன செலவு சரி.

அந்த 8-ம் பூச்சுக்கே போனதா? எலக்ட்ரீஷியன் பைப் வெட்டியதை அடைக்க, சன்ஷேடு ஓரத்தைச் சரிசெய்ய என்று யாராவது எடுத்தார்களா?

பாலக்கோடு வீடு (இரவு 8:52)

ஆமாம் சார். எலக்ட்ரீஷியன் பையன் ஒரு மூட்டை எடுத்தான், நோட்டில் இருக்கிறது. அப்படியானால் 7.

மத்தூர் சைட் (இரவு 9:25)

நாலரைச் சதுரத்துக்கு 7 மூட்டை என்றால் சதுரத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். இதுதான் உங்கள் வீட்டின் கணக்கு. என் அனுபவம், மேஸ்திரி வாய்க்கணக்கு எல்லாவற்றையும்விட இதை நம்புங்கள். வெளிப்பூச்சு இன்னும் எத்தனை சதுரம், வேறு என்னென்ன வேலை பாக்கி, மேஸ்திரி 45-ஐ எப்படிப் பிரித்தார் என்று கேட்டு எழுதுங்கள்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எம்-சாண்டோ பி-சாண்டோ மழையில் நனைந்து கிடந்தால் சட்டிக் கணக்கு மாறும். ஈர மணல் உப்பி நிற்பதால் ஒரு சட்டியில் உண்மையில் கொஞ்சம் குறைவான மணல்தான் ஏறும். 1:5 என்று அளந்து போட்டாலும் கலவையில் சிமெண்ட் கூடிவிடும். வேலை கெடாது, ஆனால் மூட்டை சீக்கிரம் தீரும். மழை நாளில் போட்ட சுவருக்கும் வெயில் நாளில் போட்ட சுவருக்கும் கணக்கு வித்தியாசப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

காவேரிப்பட்டினம் கடைக்காரர் (இரவு 10:02)

நான் சிமெண்ட் கடை வைத்திருக்கிறேன். இருப்பைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: வாங்கிய பில்லைக் கூட்டிக் காலி சாக்கைக் கழியுங்கள். காலி சாக்கைக் கட்டி வைத்திருந்தால் ரெண்டும் ஒத்துவரணும். அப்புறம் மீதியைக் கடையில் திருப்பலாம் என்று நினைத்தால், பிரிக்காத மூட்டையாக, வாங்கி அதிக நாள் ஆகாமல் இருந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் எடுப்போம். மூட்டையில் எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டை நான் எடுக்க மாட்டேன், எடுத்தாலும் அடுத்தவருக்கு விற்க முடியாது.

பாலக்கோடு வீடு (அக்டோபர் 6, மாலை 6:30)

கடைக்காரர் அண்ணா சொன்னபடி பார்த்தேன், குழப்பம்தான் கூடியது. பில் எல்லாம் சேர்த்து 410. காலி சாக்கு எண்ணினால் 340. கழித்தால் 70 இருக்க வேண்டும், கையில் இருப்பதோ 62. எட்டு மூட்டை எங்கே?

ஓசூர் வாடகை (மாலை 6:44)

காவல் இல்லாத சைட் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ராத்திரியில் ஒரு ஆளைப் படுக்க வையுங்கள்.

மத்தூர் சைட் (மாலை 7:10)

சந்தேகப்படும் முன்னால் சாக்குகள் எங்கே போயின என்று பாருங்கள். காணாமல் போனது சாக்காகவும் இருக்கலாம், மூட்டையாகவும் இருக்கலாம். கணக்கில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மொட்டை மாடியில் தண்ணீர் கட்டும்போது சாக்கு விரித்திருப்பார்கள், தூணுக்குச் சுற்றியிருப்பார்கள், ராகி காய வைக்க யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். அதனால் காலி சாக்குக் கணக்கு, முதல் நாளிலிருந்தே யாரும் தொடாமல் கட்டி வைத்த இடத்தில்தான் செல்லும். இப்போது இருப்புக்கு, தொட்டு எண்ணிய 62-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு வீடு (மாலை 7:48)

தூணில் நாலு சாக்கு கட்டியிருந்தது, மேலே ஒன்று கிடந்தது. மூன்று சாக்குக்கு இன்னும் வழி தெரியவில்லை. யாரையும் கேட்க மனசு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

மேஸ்திரியை உட்கார வைத்து பிரித்து எழுத வைத்தேன். வெளிப்பூச்சு இன்னும் மூன்று பக்கம், 1,350 சதுர அடி, கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கமும் அதில் சேரும். அதற்கு 16. டைல்ஸ் 780 சதுர அடிக்கு 18. கைப்பிடிச் சுவர் உள்பக்கத்துக்கு 5. செப்டிக் டேங்க் உள்ளே பூச, படி, ஸ்கர்ட்டிங், சில்லறை அடைப்பு எல்லாம் சேர்த்து 6. மொத்தம் 45.

மத்தூர் சைட் (இரவு 9:15)

நல்ல மேஸ்திரி. எதையும் மறக்கவில்லை. வெளிப்பூச்சை மட்டும் சதுரத்துக்கு ஒன்றே கால் கூட இல்லாமல் போட்டிருக்கிறார். உங்கள் கணக்கில் பதின்மூன்றரைச் சதுரத்துக்கு 21 ஆகும். ஐந்து மூட்டை அங்கேயே ஏறிவிட்டது.

ஆனால் எனக்குப் பயம் டைல்ஸில்தான். அந்த 18, அடியில் ஒன்றரை அங்குலக் கலவை என்று வைத்துப் போட்டது. 1:6-க்குச் சதுரத்துக்கு ரெண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவு, மேலே ஊற்றும் சிமெண்ட் பாலுக்கு அரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக. சரிதான். ஆனால் உங்கள் தரை கான்கிரீட் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? ஹாலுக்கும் சமையலறைக்கும் ஒரு அங்குலம் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த அறையில் கலவை இரண்டரை அங்குலம் போகும். எல்லா அறையும் அப்படி என்றால் 18 இல்லை, 28 வரைக்கும் போகும். பத்து மூட்டை ஒரு டியூப் லெவலில் அடங்கியிருக்கிறது.

ஆக உங்கள் செலவு ஒரே எண் இல்லை. 21, டைல்ஸுக்கு 18 முதல் 28, கைப்பிடிச் சுவர் 5, சில்லறை 6. கூட்டினால் 50 முதல் 60. கையில் 59. மீதி ஒன்பதாகவும் இருக்கலாம், ஒரு மூட்டை குறையவும் செய்யலாம். 19 இல்லை.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். மொட்டை மாடியில் தட்டோடு போடப் போகிறீர்களா?

பாலக்கோடு வீடு (இரவு 9:33)

இந்த வருஷம் இல்லை சார், பணம் இடிக்கிறது. அடுத்த வருஷம்தான். அப்போது புதிதாக வாங்கிக்கொள்வோம்.

மத்தூர் சைட் (இரவு 9:41)

சரி. அதைச் சேர்த்திருந்தால் கேள்வியே மாறியிருக்கும். 950 சதுர அடிக்குத் தட்டோட்டுக்கு மட்டும் இன்னும் இருபது மூட்டை அளவுக்குப் போகும். மீதி என்று நினைத்தது பற்றாக்குறையாகிவிடும். அடுத்த வருஷத்துக்கு இந்த மூட்டையை வைக்காதீர்கள், அது தாங்காது.

டியூப் லெவல் வைத்து அறை அறையாக மட்டம் பாருங்கள். கதவு நிலையின் அடியை ஒரு குறியாக வைத்து, ஒவ்வொரு மூலையிலும் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து எழுதினால் போதும். அதற்கு முன்னால் சித்தப்பாவுக்கு ஒரு மூட்டையும் அனுப்பாதீர்கள்.

கொத்தனார் மகன் (இரவு 10:10)

மட்டம் பார்ப்பது சரிதான், நான் யோசிக்கவில்லை. ஆனால் அந்த இறுகின மூணு மூட்டையைத் தூக்கிப் போட வேண்டாம் அக்கா. கட்டியை உடைத்துச் சலித்து, நல்ல மூட்டை ஒன்றுடன் கலந்து வெளிப்பூச்சில் போட்டுவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

மத்தூர் சைட் (இரவு 10:28)

தம்பி, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. கட்டி விரலில் நசுக்கினால் மாவாகிவிட்டால், அது அழுத்தத்தில் இறுகியது. சலித்துக்கொள்ளலாம். நசுங்காமல் கரகரவென்று இருந்தால், ஈரம் பட்டு ஏற்கனவே இறுகி முடிந்துவிட்டது. சலித்து வரும் தூளிலும் பாதி உயிர் போயிருக்கும். அதை வெளிப்பூச்சில் போட்டால் மழைக்காலத்தில் தட்டிப் பார்க்கும்போது சுவர் மண் உதிர்வது போல உதிரும். படிக்குக் கீழே நிரப்பும் கான்கிரீட்டில் போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கொத்தனார் மகன் (இரவு 10:40)

அப்பா இருபது வீட்டில் இப்படிப் போட்டிருக்கிறார் சார், எதுவும் உதிரவில்லை. நாளைக்கு அவரிடமே கேட்டுப் பார்க்கிறேன்.

பாலக்கோடு வீடு (அக்டோபர் 14, மாலை 5:20)

எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

தெற்குச் சுவர் முடிந்தது, 430 சதுர அடி. இந்த முறை ஒவ்வொரு மூட்டையும் பிரிக்கும்போது நோட்டில் கோடு போட்டேன். ஆறரை மூட்டை. சதுரத்துக்கு ஒன்றரை, கிழக்கைவிட ஒரு துளி குறைவு. மணல் அந்த வாரம் காய்ந்திருந்தது.

மேஸ்திரியும் நானும் டியூப் லெவல் வைத்துப் பார்த்தோம். சமையலறை, ஹாலைவிட ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது. படுக்கையறை இரண்டும் ஏறக்குறைய ஹால் மட்டம்தான். சராசரியாக இரண்டு அங்குலக் கலவை வைத்தால் டைல்ஸுக்கு 23 ஆகும் என்று மேஸ்திரியே சொன்னார்.

இப்போது கையில் 52. பிரித்த அரை மூட்டையைச் சேர்க்கவில்லை. பாக்கி வெளிப்பூச்சு 920 சதுர அடிக்கு 14, டைல்ஸ் 23, கைப்பிடிச் சுவர் 5, சில்லறை 6. மொத்தம் 48. மீதி நாலு.

சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நாலு மூட்டைக்கு மொரப்பூர் வரைக்கும் வண்டி வாடகை கொடுப்பேனா, நீயே வை" என்று சொல்லிவிட்டார். அவரே அங்கே வாங்கிக்கொள்கிறாராம். அடுக்கைப் பலகை மேல் மாற்றி, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தாயிற்று.

மத்தூர் சைட் (மாலை 6:02)

ரொம்ப சரி. ஒவ்வொரு சுவரும் முடிந்ததும் இதே கணக்கை மறுபடி போடுங்கள். பாக்கி வேலை குறையக் குறைய எண் தானாக இறுகி வரும். ஹாலில் டைல்ஸ் முடிந்த அன்று சொல்லும் மீதிதான் நிஜமாகப் பேசத் தகுந்த மீதி.

பாலக்கோடு வீடு (மாலை 6:15)

ஒரு சந்தேகம் சார். மேற்குச் சுவரில் குளியலறை ஜன்னல், மூன்று ஜன்னல், பின்கதவு எல்லாம் இருக்கிறது. பரப்பில் அதைக் கழிக்க வேண்டுமா? கிழக்கில் நான் கழிக்கவில்லை.

மத்தூர் சைட் (மாலை 6:30)

கிழக்கில் கழிக்காமல் 7 மூட்டை என்று எடுத்ததால் மேற்கிலும் கழிக்காதீர்கள். அளக்கும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். தவிர ஜன்னல் ஓரத்தில் உள்ளே திரும்பும் பகுதியைப் பூசுவதற்கே அந்தக் கலவை போய்விடும். பெரிய ரோலிங் ஷட்டர் மாதிரி இருந்தால் மட்டும் கழியுங்கள்.

ஊத்தங்கரை ராசா (மாலை 7:05)

மிஞ்சும் நாலு மூட்டையைத் தார்ப்பாயில் சுற்றி வைக்காமல், முடிந்ததும் பக்கத்து வீட்டில் யாராவது வேலை செய்தால் கொடுத்துவிடுங்கள் தங்கச்சி. என் ஆறு மூட்டை இன்னும் கொட்டகை வாசலில் படிக்கல்லாகத்தான் கிடக்கிறது.